படத்தில் வந்த பாமினியை யூனிகோடுக்குக் கொண்டுவருவது எப்படி?

எங்கள் ஊர் வாசிகசாலைத் தலைவர் ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். "தம்பி, இதை ஒருக்காத் தமிழுக்கு மாத்தித் தாரும்" என்று கீழே குரல்பதிவு. திறந்து பார்த்தால் முழுக்க ஆங்கில எழுத்துகள். ஆனால் ஆங்கிலம் இல்லை.

```
nghJf;$l;l mwptpj;jy;
nghpNahh;fNs> jha;khh;fNs>
,lk; : thrpfrhiy kz;lgk;
fhyk; : Qhapw;Wf;fpoik> khiy 4.00 kzp
nksd mQ;ryp
ntspaPl;L kyh; Fwpj;Jj; njspTgLj;jg;gLk;
```

நடந்தது இதுதான். பல ஆண்டுகளுக்கு முன்பு யாரோ வேர்டில் பாமினி எழுத்துருவைப் போட்டு ஓர் அறிவித்தல் தட்டியிருக்கிறார்கள். அந்தக் கோப்பைத் தலைவர் தன் கைபேசியில் திறந்திருக்கிறார். கைபேசியில் பாமினி இல்லை. ஆகவே எழுத்துருவுக்கு அடியில் கிடந்த விசைகள் அப்படியே வெளியே தெரிந்திருக்கின்றன. அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பிவிட்டு, கோப்பை அழித்தும் விட்டார். இப்போது நம் கையில் இருப்பது படம் மட்டும்தான்.

இப்படி ஒரு படம் வந்தால் என்ன செய்வது என்பதை இந்த ஆறு வரிகளை வைத்தே சொல்கிறேன்.

முதலில், படத்துக்குள் எழுத்து இல்லை

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் கேட்கும் கேள்வி, "இந்தப் படம் பாமினியில் இருக்கிறது, எந்த மாற்றியில் போட வேண்டும்?" என்பது. எந்த மாற்றியிலும் போட முடியாது. மாற்றி என்பது ஒரு எழுத்துக்குறியை இன்னொரு எழுத்துக்குறியாக மாற்றும் நிரல். படத்தில் குறி எதுவும் இல்லை, வெறும் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள்தான் இருக்கின்றன. மாற்றிக்குத் தீனி வேண்டுமென்றால் யாராவது உட்கார்ந்து அதைத் தட்டித் தர வேண்டும்.

ஆகவே படம் வந்ததும் அதில் கண்ணுக்குத் தெரிவது என்ன என்று பாருங்கள். தமிழாகவே தெரிந்தால் மாற்றியை மறந்துவிடுங்கள். பாமினியோ வேறெதுவோ, எந்த எழுத்துருவில் அச்சானது என்பது உங்களுக்குத் தேவையில்லாத தகவல். படித்து நேரே யூனிகோடில் தட்ட வேண்டியதுதான். மேலே உள்ளதுபோல் ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால், அவற்றை உள்ளது உள்ளபடி தட்டி, பிறகு மாற்றியில் போட வேண்டும்.

எதற்கும் அனுப்பியவரிடம் மூலக் கோப்பு இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். பேஜ்மேக்கர் கோப்போ, வேர்ட் கோப்போ, பிடிஎஃப்போ கிடைத்தால் உள்ளிருப்பதை நகலெடுத்து நேரே மாற்றியில் போடலாம், தட்டும் வேலை மிச்சம். பிடிஎஃப்பில் தமிழ் அழகாகத் தெரியும், நகலெடுத்து ஒட்டினால் `jkpo;` என்று வரும். பயப்பட வேண்டாம், அதுதான் நமக்கு வேண்டியது.

எந்தக் குறியாக்கம் என்று கண்டுபிடிப்பது

விண்டோஸில் யூனிகோட் தமிழ் 2000ஆம் ஆண்டுப் பதிப்போடுதான் வந்தது. அதற்கு முன்னால் ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியாக்கம். கணினி `j` என்று நினைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் எழுத்துருக்காரர் 'த' என்று வரைந்து வைத்திருப்பார். இன்னொருவர் அதே இடத்தில் வேறொன்றை வரைந்திருப்பார்.

அடையாளம் காண எளிய வழி, 'தமிழ்' போல ஊகிக்கக்கூடிய ஒரு சொல்லைத் தேடுவது. பாமினியில் 'தமிழ்' என்பது `jkpo;`. திஸ்கி என்ற இன்னொரு குறியாக்கத்தில் அதே சொல் `¾Á¢ú`. சாதாரண ஆங்கில எழுத்துகளும், சொல்லுக்குச் சொல் அரைப்புள்ளியும் தெரிந்தால் பாமினி என்று எடுத்துக்கொண்டு தொடங்கலாம். அந்த அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி. தலைக்கு மேல் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் அது திஸ்கியாகவோ, 1999இல் சென்னைத் தமிழ்இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டரசு ஏற்ற டாம், டாப் வகையாகவோ இருக்கலாம். அப்படிப்பட்ட படத்தைப் பார்த்து `¾` என்ற குறியைச் சாதாரண விசைப்பலகையில் தட்டிக்கொண்டிருப்பது பைத்தியக்கார வேலை. அனுப்பியவரைத் துரத்தி மூலக் கோப்பை வாங்குவதே மேல். இவற்றில் பாமினி மட்டும்தான் படத்தைப் பார்த்துத் தட்டத் தோதானது. அதன் எழுத்துகளில் ஏறக்குறைய எல்லாமே விசைப்பலகையில் இருப்பவை.

உள்ளது உள்ளபடி தட்டுவது

சொல்வதற்கு எளிது. இந்த வேலையில் பிழைகளில் பாதி இங்கேதான் விழுகின்றன.

நோட்பேட் போன்ற வெறும் எழுத்துப்பெட்டியில் தட்டுங்கள். வேர்டில் தட்டினால் அது வரியின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடும். பாமினியில் `m` என்றால் அ, `M` என்றால் ஆ. 'அறிவித்தல்' உங்களுக்குத் தெரியாமலே 'ஆறிவித்தல்' ஆகிவிடும். கைபேசியில் தட்டவே தட்டாதீர்கள், அது இதைவிடப் பெரிய மேதாவி.

படத்தில் இருக்கும் எழுத்தைப் படித்துத் தரும் ஓ.சி.ஆர். நிரலை வைத்து இந்த ஆங்கில எழுத்துகளைப் படிக்க வைக்கலாமே என்று தோன்றும். நானும் முயன்றேன். அது ஆங்கிலச் சொல் என்று நினைத்துப் படிக்கிறது. அரைப்புள்ளிகளில் பலவற்றை அழுக்கு என்று தள்ளிவிடுகிறது, பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் தன் இஷ்டத்துக்கு மாற்றுகிறது. அதைத் திருத்தும் நேரத்தில் கையாலேயே தட்டி முடித்துவிடலாம்.

தட்டும்போது மூன்று இடங்களில் கண் ஏமாறும்.

ஒன்று, நிறுத்தக்குறி போல் தெரிவதெல்லாம் நிறுத்தக்குறி இல்லை. பாமினியில் காற்புள்ளி என்பது 'இ'. மூன்றாம் வரியின் தொடக்கத்தில் `,lk;` என்று இருக்கிறதே, அது 'இடம்'. முன்னால் நிற்கும் காற்புள்ளியை யாரோ தவறுதலாக வைத்தது என்று நினைத்து விட்டுவிட்டால் 'டம்' என்று மிஞ்சும். உண்மையான காற்புள்ளி வேண்டிய இடத்தில் `>` இருக்கும், இரண்டாம் வரியில் பாருங்கள். `<` என்பது ஈ. சதுர அடைப்புக்குறிகளும் எழுத்துகள்தான், `[` ஜ, `]` ஸ. 'ஆகஸ்ட்' என்பது `Mf];l;` என்று வரும். திறக்காத அடைப்பு மூடியிருக்கிறதே என்று அதைத் திருத்தப் போனால் போயிற்று.

இரண்டு, ஒரே உருவம் கொண்ட ஆங்கில எழுத்துகள். சிறிய `l` பாமினியில் ட. பெரிய `I` பாமினியில் ஐ. கைபேசித் திரையில் இரண்டும் ஒரே நெட்டைக் கோடு. 'மண்டபம்' என்பதற்கு `kz;lgk;` என்று தட்ட வேண்டும். `l` இருக்க வேண்டிய இடத்தில் `I` தட்டினால் 'மண்ஐபம்' என்று வரும். இதில் ஒரு நன்மை, பிழை தானாகவே பல்லைக் காட்டிவிடும். சொல்லின் நடுவில் ஐ வந்து உட்கார்ந்திருந்தால் அது கோடு பார்த்துத் தடுக்கிய இடம். `O` என்பது ழு. அதைச் சுழியம் என்று தட்டினால் 'குழு' என்பது 'கு0' ஆகும், அதுவும் கண்ணில் படும்.

மூன்றாவதுதான் உண்மையில் ஆபத்தானது. பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் அளவில் மட்டுமே வேறுபடும் ஜோடிகள். `c` உ, `C` ஊ. `v` எ, `V` ஏ. `x` ஒ, `X` ஓ. `s` ள, `S` ளு. `w` ற, `W` று. `o` ழ, `O` ழு. இங்கே தவறினாலும் தமிழாகவே ஏதோ ஒன்று வரும், அதனால் பிழை ஒளிந்துகொள்ளும். `kf;fSf;F` என்பது 'மக்களுக்கு', `S`-ஐச் சிறிதாகத் தட்டினால் 'மக்களக்கு'. இதையாவது பிடிக்கலாம். `Vd;` என்பது 'ஏன்', `vd;` என்பது 'என்'. இரண்டும் நல்ல தமிழ்ச் சொல். நான் செய்வது, படத்தைப் பெரிதாக்கி, அந்த எழுத்தின் தலையைப் பக்கத்து எழுத்தோடு ஒப்பிடுவது. பக்கத்தில் `k`, `f`, `l` ஏதாவது இருந்தால் அதன் உயரத்தை ஏறக்குறைய எட்டினால் பெரிய எழுத்து, `a`, `u` போன்றவற்றின் மட்டத்தில் நின்றுவிட்டால் சிறிய எழுத்து. `p`-யும் `P`-யும் சிக்கல் இல்லை. சிறிய `p`-யின் கால் கோட்டுக்குக் கீழே தொங்கும்.

மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை

தட்டி முடித்ததும் உடனே மாற்றிக்கு ஓடாதீர்கள். பாமினி எழுத்துருவை உங்கள் கணினியில் நிறுவி, தட்டியதை வேர்டில் ஒட்டி, அதற்குப் பாமினியைப் போடுங்கள். ஒட்டும்போது தானியங்கித் திருத்தம் வராது, தட்டும்போதுதான் வரும். இப்போது தமிழாகத் தெரியும். படித்துப் பாருங்கள்.

இந்த ஒரு படி ஏன் முக்கியம் என்றால், இங்கே தெரியும் பிழை உங்கள் கைப்பிழை. இங்கே சரியாக இருந்து, மாற்றிய பிறகு தெரியும் பிழை மாற்றியின் பிழை. இரண்டையும் சேர்த்துப் போட்டுக் குழப்பிக்கொண்டால் எதை எங்கே திருத்துவது என்று தெரியாது. நான் தொடக்கத்தில் யூனிகோடுக்கு மாற்றியபின் எல்லாவற்றையும் கையால் திருத்திக்கொண்டிருந்தேன். அடுத்த பக்கத்திலும் அதே பிழைகள், அதே திருத்தம். எது யாருடைய பிழை என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் ஒரேயடியாகத் திருத்தும் வழி பிடிபட்டது.

மாற்றுவது

பொங்குதமிழ் என்ற இணையப் பக்க மாற்றி இருக்கிறது. கணினியில் நிறுவிக்கொள்ள என்.எச்.எம். கன்வெர்ட்டர் இருக்கிறது. வேறு பலவும் உண்டு. மூலக் குறியாக்கத்தில் பாமினி என்று தேர்ந்தெடுத்து, ஒட்டி, பொத்தானை அழுத்தினால் முடிந்தது. இதில் சொல்ல வேறொன்றுமில்லை.

சொல்ல வேண்டியது அதற்குப் பிறகுதான். மாற்றிகள் எல்லாம் ஒரே தரம் இல்லை. யாரோ அவசரத்துக்கு எழுதி இணையத்தில் போட்ட ஒரு நிரலில் நம் ஆறு வரிகளைப் போட்டால் இப்படி வரலாம்.

```
பொதுக்கூட்ட அறிவித்தல்
பொியோா்களே, தாய்மாா்களே,
இடம் : வாசிகசாலை மண்டபம்
காலம் : ஞாயிற்றுக்கிழமை, மாலை 4.00 மணி
மௌன அஞ்சலி
வௌியீட்டு மலா் குறித்துத் தௌிவுபடுத்தப்படும்
```

மேலோட்டமாகப் பார்த்தால் நன்றாக இருக்கிறது. சில எழுத்துருக்களில் 'பொியோா்களே' என்பதில் புள்ளிபுள்ளியாக ஒரு வட்டம் தெரியும், சிலவற்றில் அதுவும் தெரியாது. இப்போது Ctrl+F அழுத்தி 'மலர்' என்று தேடுங்கள். கிடைக்காது. கண்முன் இருக்கிற சொல் கணினிக்கு இல்லை.

ர என்ற எழுத்தின் கதை

தட்டச்சுப்பொறிக் காலத்தில் இருந்தே 'ர்', 'ரி', 'ரீ' மூன்றையும் காலில்லாமல் எழுதும் வழக்கம் உண்டு. தலைக்கு மேல் ஏதாவது வந்தால் ர-வின் கீழ்க்கால் போய்விடும். கால் போன ர பார்வைக்கு அரவு, அதாவது துணைக்கால் 'ா' மாதிரியே இருக்கும். விசைகளோ குறைவு. ஆகவே தனியாக ஒரு விசை எதற்கு என்று துணைக்காலின் விசையையே அதற்கும் பயன்படுத்தினார்கள். பாமினியிலும் அதே கதை. `h` என்றால் துணைக்கால். `h;` என்றால் ர், `hp` என்றால் ரி. தாளில் அச்சடிக்கும்வரை இதில் ஒரு தொல்லையும் இல்லை.

நம் படத்தில் முதல் வரியின் தொடக்கம் `nghJ`, இரண்டாம் வரியின் தொடக்கம் `nghp`. இரண்டிலும் முதல் மூன்று விசைகள் ஒன்றுதான், `ngh`. முதலாவதில் `n` ஒற்றைக்கொம்பு, `g` ப, `h` துணைக்கால், சேர்ந்து 'பொ'. இரண்டாவதில் `n` கொம்பு, `g` ப, அவ்வளவுதான் 'பெ'. அதன்பின் `hp` தனியாக 'ரி'. அடுத்து வரும் நான்காவது விசையைப் பார்த்த பிறகுதான் மூன்றாவது விசை என்ன என்றே தெரியும். நமக்கு இது பிரச்சினை இல்லை, சொல்லாகப் படிக்கிறோம். இடமிருந்து வலமாக விழுங்கிக்கொண்டு போகும் நிரலோ `ngh` கண்டதும் 'பொ' என்று முடிவு கட்டிவிடும். பின்னால் வரும் `p`-க்கு ஒட்டிக்கொள்ள மெய் இல்லாமல் போய், 'பொி' என்று அந்தரத்தில் தொங்கும். `kyh;` என்பதிலும் அதே. `yh` என்பதை 'லா' என்று விழுங்கிவிட்டால் கடைசிப் புள்ளி துணைக்கால்மேல் ஏறி 'மலா்'.

இணையத்தில் 'அவா்கள்', 'தொியும்', 'நோில்' என்று எத்தனையோ பக்கங்கள் கிடக்கின்றனவே, அவை எல்லாம் இப்படிப் பிறந்தவைதான். நல்ல மாற்றிகள் `h;`, `hp`, `hP` மூன்றையும் முதலில் மாற்றிவிட்டுத்தான் `ngh` பக்கம் வரும்.

திருத்துவது கடினமில்லை, ஏனென்றால் தமிழில் துணைக்காலுக்கு மேல் புள்ளியோ, சுழியோ ஒருபோதும் வராது. வந்தால் அந்தத் துணைக்கால் உண்மையில் ர. விதிவிலக்கே இல்லை. ஆனால் ஓர் இடறல் உண்டு. 'பொி' என்பதில் கொம்பும் துணைக்காலும் சேர்ந்து யூனிகோடில் 'ொ' என்ற ஒற்றைக் குறியாகிவிட்டிருக்கும். நீங்கள் 'ா்' என்பதை 'ர்' என்றும் 'ாி' என்பதை 'ரி' என்றும் தேடி மாற்றினால் 'மலா்' போன்றவை திருந்தும், 'பொியோா்' என்பதில் 'பொி' திருந்தாது. அங்கே தனித் துணைக்காலே இல்லையே. முதலில் கொம்பையும் காலையும் பிரித்து வைத்து, ர-வை மீட்டு, பிறகு மிச்சமிருப்பதைச் சேர்க்க வேண்டும்.

வெளிக்கும் மௌனத்துக்கும் உள்ள சண்டை

இரண்டாவது சிக்கல் ஔகாரக் குறி. பாமினியில் 'மௌ' என்பது `nks`. கடைசி `s` வேறொன்றுமில்லை, ள-தான். அச்சில் இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் அதையே வைத்துவிட்டார்கள். ஆனால் 'வெளி' என்பதும் `ntsp`. நிரல் `nts` கண்டதும் 'வௌ' என்று முடிவு செய்துவிடும். அப்படித்தான் 'வௌியீடு', 'தௌிவு', 'வௌ்ளம்' எல்லாம் பிறக்கின்றன. 'ஒளி' கூட 'ஔி' ஆகும்.

இதற்கும் அதே உத்தி. ஔகாரத்துக்குப் பின்னால் இன்னோர் உயிர்க்குறியோ புள்ளியோ வர வழியில்லை. வந்தால் அது ள.

இரண்டையும் சேர்த்து ஒரு சின்ன பைத்தான் துண்டாக வைத்திருக்கிறேன்.

```python
import re, unicodedata as u

def seer(s):
    s = u.normalize("NFD", s)
    s = re.sub("\u0bbe(?=[\u0bbf\u0bc0\u0bcd])", "\u0bb0", s)
    s = re.sub("\u0bd7(?=[\u0bbe-\u0bcd])", "\u0bb3", s)
    return u.normalize("NFC", s)
```

முதல் வரி ொ, ோ, ௌ போன்றவற்றை உடைத்துத் துண்டாக்குகிறது. இரண்டாவது, புள்ளிக்கோ சுழிக்கோ முன்னால் நிற்கும் துணைக்காலை ர ஆக்குகிறது. மூன்றாவது, உயிர்க்குறிக்கு முன்னால் நிற்கும் ஔகாரச் சிறகை ள ஆக்குகிறது. கடைசி வரி எல்லாவற்றையும் மறுபடி சேர்க்கிறது. வரிசை மாறக்கூடாது. சேர்த்துவிட்டுத் தேடினால் 'பொியோா்' தப்பிவிடும் என்று மேலே பார்த்தோம்.

பைத்தான் பழக்கமில்லையா, பரவாயில்லை. கண்டுபிடித்து மாற்றும் பெட்டியில் ஒவ்வொன்றாகச் செய்யலாம். 'ொி' என்பதை 'ெரி' என்றும், 'ொ்' என்பதை 'ெர்' என்றும், 'ோி' என்பதை 'ேரி' என்றும், 'ோ்' என்பதை 'ேர்' என்றும் மாற்றுங்கள். அப்புறம் 'ாி', 'ாீ', 'ா்'. அப்புறம் 'ௌி' என்பதை 'ெளி' என்றும், 'ௌ்' என்பதை 'ெள்' என்றும் மாற்றுங்கள். தனிக் குறிகளைத் தட்டுவது சிரமமாக இருந்தால் பிழையான சொல்லிலிருந்து நகலெடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

நம் ஆறு வரிகளில் இதைச் செலுத்தினால் 'பெரியோர்களே', 'தாய்மார்களே', 'வெளியீட்டு மலர்', 'தெளிவுபடுத்தப்படும்' என்று வந்துவிடும். 'மௌன அஞ்சலி' தொடப்படாமல் அப்படியே இருக்கும், ஏனென்றால் அங்கே ஔகாரத்துக்குப் பின் ன என்ற முழு எழுத்து வருகிறது.

நிரலால் பிடிக்க முடியாத ஒன்று மீதம் இருக்கிறது. ஔகாரம் தெரியாத மாற்றி 'மௌனம்' என்பதைக் கொம்பும் ள-வுமாக 'மெளனம்' என்று விட்டிருக்கலாம். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. இதற்கு விதி எழுதினால் நல்ல சொற்களும் கெடும். ஆகவே கௌரவம், கௌரி, மௌனம், பௌர்ணமி, சௌந்தரம், வௌவால் என்று ஔகாரம் வரக்கூடிய சொற்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கிறேன். அடிக்கடி வருபவை சில சொற்கள்தான்.

மிச்சம் மீதி

திருத்திய பிறகு இரண்டு தேடல்கள் செய்யுங்கள். ஆங்கில எழுத்து ஏதாவது தங்கியிருக்கிறதா என்பது ஒன்று. சொல்லின் நடுவில் உயிரெழுத்து நிற்கிறதா என்பது மற்றொன்று.

```
[A-Za-z]
[\u0B95-\u0BCD][\u0B85-\u0B94]
```

இரண்டாவது தேடல் 'மண்ஐபம்' போன்றவற்றைக் கொண்டுவந்து நிறுத்தும். இடைவெளி விடாமல் சேர்த்துத் தட்டிய 'நான்இருந்தேன்' போன்றவையும் வரும், அவற்றை விட்டுவிடலாம்.

'ஸ்ரீ' வந்தால் கவனம். யூனிகோடில் அதை இரண்டு விதமாக எழுதலாம், ஸ வைத்து ஒன்று, 2005இல் சேர்க்கப்பட்ட ஶ வைத்து இன்னொன்று. திரையில் பெரும்பாலும் ஒரே உருவம்தான், தேடலில் இரண்டும் வேறு. கோயில் பெயர்களில் இது அடிக்கடி வரும். நான் ஸ வைத்தே எழுதுகிறேன், பலரும் தட்டித் தேடுவது அதைத்தான். எதை வைத்தாலும் கோப்பு முழுக்க ஒன்றாக இருக்க வேண்டும்.

படத்தில் தமிழாகவே தெரிந்தால்

அந்த வாசிகசாலைத் தலைவரே ஒரு வாரம் கழித்து இன்னொரு படம் அனுப்பினார். பழைய ஆண்டு மலரின் ஒரு பக்கம், அச்சடித்த தாளைப் படம் எடுத்தது. "இதுவும் பாமினிதான் தம்பி" என்றார். இருக்கலாம். ஆனால் இங்கே அந்தத் தகவலால் ஒரு பயனும் இல்லை. தமிழ்99 விசை அமைப்பிலோ ஒலிபெயர்ப்பு முறையிலோ எது கைக்குப் பழக்கமோ அதில் பார்த்துத் தட்டலாம். பாமினி விசைகள்தான் பழக்கம் என்றால் என்.எச்.எம். ரைட்டரில் அதே விசை அமைப்பில் யூனிகோட் தட்டும் வசதி இருக்கிறது.

பக்கம் நீளமாக இருந்தால் தமிழ் ஓ.சி.ஆர். உதவும். ஆங்கில எழுத்துப் படத்துக்கு உதவாதது இங்கே உதவும், ஏனென்றால் இப்போது அது படிப்பது உண்மையான சொற்களை. கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி டாக்ஸில் திறந்தால் போதும். கணினியிலேயே செய்ய டெசராக்ட் இருக்கிறது.

```
tesseract pakkam.png pakkam -l tam --psm 6
```

படத்தை நேராக்கி, எழுத்துகளை நன்றாகப் பெரிதாக்கிக் கொடுங்கள். வாட்ஸ்அப் சுருக்கிய படத்தில் புள்ளிகள் மங்கிப்போயிருக்கும், 'அவர்' என்பது 'அவா' என்று வரும். முடிந்தால் படத்தைக் கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். வந்த எழுத்தின் மீது மேலே சொன்ன அதே திருத்தத் துண்டைச் செலுத்துங்கள். காலில்லாத ர-வைப் பார்த்துத் துணைக்கால் என்று நினைப்பது மாற்றிக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை, ஓ.சி.ஆரும் அதே இடத்தில்தான் தடுக்கும்.

பிறகு படத்தையும் எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை சத்தமாகப் படியுங்கள். ஆட்பெயர், ஊர்ப்பெயர், தொலைபேசி எண், தேதி, தொகை ஆகிய ஐந்தையும் தனியாக இன்னொரு முறை. மற்றச் சொற்களில் பிழை வந்தால் படிக்கிறவர் ஊகித்துக்கொள்வார், இவற்றில் முடியாது. படிக்க முடியாத எழுத்தை ஊகித்து நிரப்பாமல் `[?]` என்று விட்டு, படத்தில் அது எந்த வரியில் இருக்கிறது என்று குறித்து அனுப்பியவரிடம் கேட்கிறேன். ஆண்டு மலர்ப் பக்கத்தில் அப்படி நான்கு இடம் விட்டிருந்தேன். தலைவர் அலுமாரியில் இருந்த அச்சுப் பிரதியை எடுத்து மூன்றைச் சொன்னார். நான்காவது, நன்கொடையாளர் ஒருவரின் பெயர். பிரதியிலேயே அந்த இடத்தில் பூச்சி அரித்திருக்கிறதாம். அது இன்னும் `[?]` ஆகவே இருக்கிறது.